வெங்காயம் விற்கும் முன் எழுத வேண்டிய கடிதம்

பெரம்பலூர் மாவட்டத்தின் செட்டிகுளம் வட்டாரம் சின்ன வெங்காயத்திற்குப் பெயர்பெற்றது. அத்தகைய ஊரில் ஓர் உழவர் உற்பத்தியாளர் குழு, விடுதிகளுக்குச் சரக்கு வழங்கும் மொத்த வணிகருக்கு விலைக் கடிதம் எழுதுவதாகக் கொள்வோம். அக்கடிதத்தில் எதனை, எவ்வாறு கணக்கிட்டு எழுதுவது என்பதே இங்கு நாம் ஆராயும் பொருள்.

முதலில் அளவு. அங்கத்தினர்களிடம் உலர்த்தித் தாளறுத்த வெங்காயம் 20 டன் இருக்கிறது. இருபதையும் தருவதாக எழுதிவிடுவதே பலர் செய்யும் பிழையாகும். சல்லடையிலிட்டுப் பார்க்கையில், வணிகர் கேட்கும் பருமன் உடையது நூற்றுக்கு 60 பங்கே தேறுகிறது. அதாவது 12 டன். பட்டறையில் வைத்து ஆறு வாரம் விற்பதற்குள் உலர்வாலும் அழுகலாலும் பத்தில் ஒரு பங்கு கழியும் என்று வைத்தால், எஞ்சுவது 10,800 கிலோ. எதிர்பாராத மழைக்கும் குறைவுக்குமாக 1,200 கிலோவை ஒதுக்கி, 9,600 கிலோவை மட்டும் வாக்களித்தல் நலம். வாரம் ஒன்றுக்கு 1,600 கிலோ. ஐம்பது கிலோ சாக்கில் 32 மூட்டை. செவ்வாய்தோறும் காலையில் வண்டி புறப்படும் என்று எழுதிவிடலாம்.

அடுத்து விலை. முதல் தரத்திற்கு அங்கத்தினருக்குக் கிலோவுக்கு 36 ரூபாய் கொடுத்தால், கழிவைச் சேர்த்துக் குழுவுக்கு அடக்கம் 40 ரூபாய் ஆகிறது. தரம் பிரித்தலுக்கும் சாக்குக்கும் 2, வண்டிக்கு 2, குழுவின் செலவுக்கு 1. ஆகக் கேட்கவேண்டிய விலை 45 ரூபாய். கழிவுக்கான அந்த 4 ரூபாயை மறந்தவர்கள், விற்பனை முடிந்தபின் கணக்குப் பார்த்துத்தான் திகைப்பார்கள். சிறு பருமன் காய்களைத் தனியே சந்தையில் விற்றுக்கொள்ளலாம்.

தகராறு பெரும்பாலும் தரத்தில்தான் எழுகிறது. ஆகையால் பருமன் குறைந்தவை நூற்றுக்கு 5, அழுகியவையும் முளைவிட்டவையும் சேர்ந்து 2 என எல்லை குறித்து, ஏற்றுமிடத்திலேயே இரு தரப்பாரும் சில மூட்டைகளைப் பிரித்து, நிறுத்துப் பார்த்துக் கையொப்பமிடுதல் வேண்டும். மூட்டையின் அடியிலிருந்தும் எடுத்துப் பார்க்கவேண்டும். ஈரம் தங்குவது அங்கேதான். வணிகர் வாசலில் மட்டும் சோதித்தால், திருப்பியனுப்பும் வண்டிக்கூலியும் நம் தலையில் விழும்.

இறுதியாக ஒன்று. மூன்றாம் வாரத்தில் சந்தை விலை 60 ரூபாய்க்கு ஏறினால், சில அங்கத்தினர் சரக்கை வெளியே விற்றுவிடுவர். குழுவின் வாக்கு பொய்க்கும். இதற்கு அறிவுரை போதாது. ஒப்பிய விலைக்கும் சந்தை விலைக்கும் 5 ரூபாய்க்கு மேல் வேறுபாடு நேர்ந்தால், மிகுதியை இரு தரப்பாரும் பாதியாகப் பகிர்ந்துகொள்வதென்று கடிதத்திலேயே எழுதலாம். அப்போது 60 ரூபாய்ச் சந்தையில் நமக்குக் கிடைப்பது 50. விலை 30 ஆக வீழ்ந்தாலும் 40 கிடைக்கும். ஏற்றத்தில் சிறிது விட்டுக்கொடுத்தவருக்கு வீழ்ச்சியில் கிடைக்கும் காப்பு இதுவே என்பதை, கையொப்பமிடும் முன் அங்கத்தினர் கூட்டத்தில் இக்கணக்கைப் படித்துக் காட்டி விளக்கிவிடவேண்டும்.