ஜட்டிக்கும் இஸ்திரி

டார் எஸ் சலாமுக்கு வேலைக்குப் போகும் நம்மூர்க்காரர்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு விஷயம் விசித்திரமாகப் படும். வீட்டு வேலைக்கு வரும் அம்மா சட்டை, பேன்ட்டோடு நிறுத்துவதில்லை. பனியன், ஜட்டி, துண்டு, தலையணை உறை, குழந்தையின் இடுப்புத்துணி என்று கொடியிலிருந்து வந்த அத்தனையையும் இஸ்திரி போடுவார். ஒரு பக்கம் தேய்த்து, திருப்பிப் போட்டு மறுபக்கமும் தேய்ப்பார். இஸ்திரிப் பெட்டியை சுவாஹிலியில் 'பாசி' என்கிறார்கள். மின்சாரம் போனால் கரிப்பெட்டி வரும். நம் தெருமுனை இஸ்திரிக்காரர் தணல் விசிறுவாரே, அதே மாதிரிதான்.

ஜட்டிக்கு எதற்கு மடிப்பு என்று நமக்குத் தோன்றும். அந்தச் சூடு மடிப்புக்காக வைக்கப்படுவதல்ல. துணியில் ஒரு ஈ முட்டையிட்டிருக்கலாம் என்பதற்காக.

அதன் பெயர் தும்பு ஈ. கயிறு திரிக்கும் நம் தும்புக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. மாம்பழ ஈ என்றும் சொல்வார்கள். சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காதான் இதன் வீடு. பழுப்பு மஞ்சள் நிறம். நம் வீட்டு ஈயைவிடக் கொஞ்சம் தடிமன். ஈயாக இருக்கும்போது அது யாரையும் கடிப்பதில்லை. அழுகிய பழம், செடிச்சாறு, சாணம் என்று கிடைப்பதைத் தின்று வாழும். தொல்லையெல்லாம் அதன் புழுவால். அந்தப் புழு வளர்வதற்கு உயிருள்ள ஓர் உடம்பின் தோல் வேண்டும். வழக்கமாக அது எலி, நாய் இவற்றின் தோல்தான். மனிதன் இடையில் மாட்டிக்கொள்கிறவன்.

தாய் ஈ நேராக நம் மேல் உட்கார்ந்து முட்டையிடுவதில்லை. நிழலான, லேசாக ஈரமான இடத்தைத் தேடும். மூத்திர வாடை அடிக்கும் மணல் என்றால் அதற்கு மிகவும் பிடிக்கும். நாய் படுத்து எழும் இடம் அப்படிப்பட்டதுதான். மர நிழலில் தொங்கும் ஈரத்துணியும் அதற்குத் தோதான இடம். சரியாக அலசப்படாமல் வியர்வையோ மூத்திரமோ தங்கிய துணி இன்னும் தோது. அதனால்தான் குழந்தைகளின் இடுப்புத்துணிக்கு அங்கே அத்தனை கவனம். ஒரு ஈ நூறு முதல் முந்நூறு முட்டை வரை இடும். அரிசி நொய்யைவிடச் சிறிய வெள்ளை முட்டைகள். தையல் ஓரத்தில் ஒட்டியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலை துவைத்த ஒரு கைலி, முற்றத்து மாமரத்தடிக் கொடியில் காய்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாயங்காலம் பாதி ஈரத்தோடு அதை எடுத்து மடித்து அலமாரியில் வைத்தாயிற்று. இந்த ஈ சுறுசுறுப்பாகத் திரிவது காலையிலும் சாயங்காலத்திலும்தான். இரண்டு வேளையும் கைலி வெளியில் இருந்திருக்கிறது. ஒன்றிலிருந்து மூன்று நாளில் முட்டை பொரியும். செவ்வாய் இரவு ஒருவர் அந்தக் கைலியைக் கட்டிக்கொண்டு படுக்கிறார். உடம்புச் சூடு பட்டதும், அதுவரை அசையாமல் கிடந்த ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத புழு நிமிர்ந்து தோலுக்குள் நுழைகிறது. காயமே இல்லாத நல்ல தோலில்கூட அது ஒரு நிமிடத்துக்குள் நுழைந்துவிடும். வலிக்காது. தூங்குகிறவர் புரண்டுகூடப் படுக்க மாட்டார்.

ஓரிரு நாளில் இடுப்பில் கொசு கடித்ததுபோல் ஒரு சிவப்பு, கொஞ்சம் அரிப்பு. அடுத்த வாரத் தொடக்கத்தில் அது கட்டியாகிறது. வேனல் கட்டி என்றே நினைப்பார். மருத்துவரும் அப்படி நினைத்து, சீழ்க்கட்டிக்கு உரிய மாத்திரையை எழுதித் தரலாம். புழு அதற்குச் சாகாது. உற்றுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். சீழ்க்கட்டிக்கு வெள்ளை முனை இருக்கும். இதன் நடுவே ஊசி குத்தியதுபோல் ஒரு துளை இருக்கும். அதில் சீழ் வராமல் தெளிந்த நீரோ, லேசாக ரத்தம் கலந்த நீரோ கசியும். துளைக்குள் இரண்டு கரும்புள்ளிகள் தெரியலாம். புழுவின் பின்புறத்து மூச்சுத்துளைகள் அவை. தலையைக் கீழே வைத்து, வாலை வெளியே நீட்டி மூச்சு விடுகிறது. ராத்திரியில் கட்டிக்குள் ஏதோ நெளிவதுபோல் இருக்கிறது என்று நோயாளி சொன்னால் அதைக் கற்பனை என்று தள்ளிவிடக் கூடாது.

மூச்சுக்கு அந்தத் துளையை நம்பியிருப்பதே புழுவின் பலவீனம். துளையின் மேல் வாசலினைக் கெட்டியாக அப்பி மூடினால், காற்றுக்காகப் புழு மேலே வரும். அப்போது இரு பக்கமும் கட்டியை மெல்ல அழுத்தினால் வெளியே வந்துவிடும். மூடாமல் எடுத்த எடுப்பில் பிதுக்குவதும், ஊசியால் கிளறுவதும் தவறு. புழு உள்ளேயே நசுங்கினால் வீக்கமும் தொற்றும் அதிகமாகும். மருத்துவர் கையால் எடுப்பதே நல்லது. குழந்தைகளுக்குக் கட்டாயம் அப்படித்தான். எடுத்தபின் காயத்தைக் கழுவி மருந்து வைத்தால் சீக்கிரம் ஆறிவிடும். யாரும் எடுக்காவிட்டாலும் பத்துப் பன்னிரண்டு நாளில் வளர்ந்து முடிந்த புழு தானே வெளியே விழுந்து, மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகிவிடும்.

இத்தனையையும் தடுப்பது இஸ்திரிச் சூடு. பருத்தித் துணிக்கு வைக்கும் சூடு நூறு டிகிரியைத் தாராளமாகத் தாண்டும். வெந்நீரில் கோழிமுட்டை இறுகுகிறதல்லவா, அதுபோல் இந்த முட்டையும் புழுவும் அந்தச் சூட்டில் வெந்து போகும். ஆனால் சூடு அவை இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அவசரத்தில் சட்டையின் முதுகையும் காலரையும் மட்டும் இழுத்துத் தேய்த்தால் பயனில்லை. இடுப்புப் பட்டை, எலாஸ்டிக் சுருக்கம், அக்குள் தையல், பாக்கெட்டின் உட்புறம் எல்லாம் துணி இரண்டு மூன்று மடிப்பாக இருக்கும் இடங்கள். ஈரமும் அங்கேதான் கடைசியில் காயும். உடம்போடு இறுகிப் பதிவதும் அங்கேதான். அங்கே பெட்டியை நிறுத்தி, அழுத்தி, உள்பக்கத்தையும் திருப்பித் தேய்க்க வேண்டும். துணியில் லேசாக ஈரம் இருந்தால் நல்லதே. ஆவி தையலுக்குள் புகும். முழுக்கக் காயும்வரை தேய்ப்பதுதான் கணக்கு.

நைலான் போன்ற துணிகள் அந்தச் சூட்டைத் தாங்காது. சூட்டைக் குறைத்தால் முட்டை சாகும் என்று நம்ப முடியாது. அப்படிப்பட்டவற்றைக் கொசுவலை அடித்த ஜன்னலுக்கு உள்ளேயே காயப் போடுவதுதான் வழி. வெளியில் காய்ந்துவிட்டதென்றால் மூன்று வாரம் உடுத்தாமல் தனியே வைக்கலாம். பொரிந்த புழு உடம்பு கிடைக்காமல் இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கும், அதற்கு மேல் செத்துவிடும். மெத்தையைத் தேய்க்க முடியாது என்பதால் அதை வெளியில் போடாமல் இருப்பதே மேல். புல்லிலும் மணலிலும் துணியை விரித்துக் காயவைப்பது கொடியில் போடுவதைவிட மோசம்; மண்ணில் ஏற்கெனவே காத்திருக்கும் புழுவும் ஏறிக்கொள்ளும்.

நல்ல வெயிலில் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். உச்சி வெயிலை இந்த ஈ விரும்பாது என்பது உண்மைதான். ஆனால் நிழல் நகர்ந்துகொண்டே இருக்கும். காலையில் வெயிலில் இருந்த கொடி மூன்று மணிக்கு மாமர நிழலில் இருக்கும். மழைக்காலத்தில் வெயிலை எண்ணவே முடியாது. வெயிலில் போடுங்கள், இஸ்திரியும் போடுங்கள் என்பேன்.

ஊருக்குத் திரும்பும் நாளில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முந்தின நாள் துவைத்தது சரியாகக் காயாது. விமானத்துக்கு நேரமாகிறது என்று அப்படியே பெட்டியில் திணிப்பார்கள். நாலு நாள் கழித்துத் திருச்சியில் அந்தப் பனியனை எடுத்துப் போட்டால், அடுத்த வாரம் முதுகில் கட்டி வரும். இங்குள்ள மருத்துவர் இந்தப் புழுவை ஒரு தடவைகூடப் பார்த்திராமல் இருக்கலாம். ஆகவே பெட்டியைத் திறந்ததும் கடைசி நாள் துணிகளைத் தனியே எடுத்து இஸ்திரிக்குப் போடுங்கள். அதற்குள் கட்டி வந்துவிட்டால், மருத்துவரிடம் வாய் திறந்ததும் சொல்ல வேண்டியது ஆப்பிரிக்காவிலிருந்து எந்தத் தேதியில் வந்தீர்கள் என்பதை.