ஆறு பொருளில் ஒரு மேக்கப் கிட்

1,500 ரூபாய்க்குள் ஒரு மாணவிக்கு மேக்கப் கிட் அமைக்க வேண்டுமென்றால், பட்டியலில் முதலில் அடிக்க வேண்டியது பவுண்டேஷனைத்தான். கல்யாண மேடையில் அதற்கு வேலை உண்டு. காலை எட்டு மணிக்குப் பேருந்தில் தொங்கிக்கொண்டு போய், மத்தியானம் வரை மின்விசிறிகூடச் சரியாகச் சுற்றாத வகுப்பறையில் உட்காரும் பெண்ணுக்கு, முகம் முழுக்கப் பூசிய பவுண்டேஷன் பதினோரு மணிக்கெல்லாம் மூக்கோரத்தில் வழித்துக்கொண்டு நிற்கும். போதாக்குறைக்கு, அது ஒரே ஒரு வேலைதான் செய்யும்.

திருச்சியில் விடுதியில் தங்கி இரண்டாம் ஆண்டு படிக்கும் என் அக்கா மகளுக்காக இந்தக் கணக்கைப் போட்டேன். மாநிறம், நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் வழியும் சருமம், தாடையில் பரு வந்துபோன தழும்புகள், கண்ணுக்குக் கீழே லேசான கருவளையம். நம் ஊர்க் கல்லூரிப் பெண்கள் பலருக்கும் பொருந்தும் முகம் அது.

“பவுண்டேஷன் இல்லாம எப்படி சித்தி?” என்றுதான் அவளும் முதலில் கேட்டாள்.

கன்சீலர் இருக்கிறதே. முகம் முழுக்கப் பூசாமல், மறைக்க வேண்டிய இடத்தில் மட்டும் வைத்தால் பவுண்டேஷன் செய்யும் வேலையை அது செய்துவிடும். கருவளையத்தையும் பார்த்துக்கொள்ளும். ஐ ஷேடோ போடும் முன் இமையில் தடவும் அடித்தளமாகவும் ஆகும். ஒரு பொருள் கிட்டுக்குள் வர வேண்டுமானால் குறைந்தது இரண்டு வேலையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும். இந்த விதியில் தேறியவை ஐந்து: கன்சீலர், கிரீம் லிப்ஸ்டிக், காஜல், மினுமினுப்பில்லாத பழுப்பு ஐ ஷேடோ ஒன்று, கச்சிதமான ஒரு காம்பாக்ட் பவுடர். ஆறாவது சன்ஸ்கிரீன். அது ஒரே வேலைதான் செய்கிறது. ஆனாலும் அதை விட முடியாது.

பணத்தை இப்படிப் பிரித்தோம்: சன்ஸ்கிரீனுக்கு 350, கன்சீலருக்கு 300, லிப்ஸ்டிக்குக்கு 250, காம்பாக்ட்டுக்கு 200, காஜலுக்கும் ஐ ஷேடோவுக்கும் தலா 150, சாய்வாக வெட்டிய சின்னத் தூரிகை ஒன்றுக்கு 100. இது உச்சவரம்பு. எந்தப் பொருளில் மிச்சம் பிடித்தாலும் அந்தப் பணம் கன்சீலருக்கே போக வேண்டும் என்பது என் கட்சி. காரணம், நிறம் தப்பினால் மற்ற ஐந்தும் வீணாகத் தெரிவது அதில்தான்.

கடையில் கன்சீலர் கேட்டால், விற்பவர் உங்கள் நிறத்தைவிட ஒரு படி வெளுப்பானதை எடுத்து நீட்டுவது இன்னும் நடக்கிறது. ‘பளிச்னு தெரியும்மா’ என்பார்கள். வெளுப்பான கன்சீலர் மாநிறத் தோலில் பளிச்சென்று தெரியாது. சாம்பல் பூத்ததுபோல் தெரியும். பருத்தழும்பு மறைவதற்குப் பதிலாக, அந்த இடம் வெள்ளைப் புள்ளியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். சிலர் மணிக்கட்டில் தடவிப் பார்த்து வாங்குவார்கள். மணிக்கட்டின் உட்புறம் முகத்தைவிட எப்போதும் வெளுப்பு என்பதால் அதுவும் தப்பாகத்தான் முடியும்.

சரியான இடம் தாடையோரம். சாம்பிளிலிருந்து சுத்தமான பட்ஸால் தொட்டு, பக்கத்துப் பக்கத்தில் மூன்று நிறங்களைக் கோடாக இழுத்துக்கொள்ளுங்கள். பிறகு கடைக்கு வெளியே வெயில் வெளிச்சத்துக்கு வாருங்கள்; டியூப் லைட் எதையும் ஒழுங்காகக் காட்டாது. அவசரப்படாமல் கால் மணி நேரம் காத்திருப்பது அவசியம். சில கன்சீலர்கள் தோலின் எண்ணெயோடும் காற்றோடும் சேர்ந்து ஒரு சாயல் கருக்கும். என் அக்கா மகள் பூசியவுடன் தேர்ந்தெடுத்தது நடுக்கோட்டை. காத்திருந்து பார்த்தபோது அது லேசாக ஆரஞ்சுக்குப் போயிருந்தது. அதற்கு முந்தைய கோடுதான் தோலோடு தோலாக மறைந்திருந்தது. எந்தக் கோடு கண்ணுக்குத் தெரியவில்லையோ அதுவே உங்கள் நிறம். அடிச்சாயல் மஞ்சள் கலந்ததா, ரோஸ் கலந்ததா என்பதையும் இந்தச் சோதனையே சொல்லிவிடும். நம்மில் பலருக்கு மஞ்சளோ பொன்னிறமோ கலந்ததுதான் ஒட்டும்.

போடும்போது தழும்பின் மேல் ஒரு புள்ளி வைத்து, அரை நிமிடம் அப்படியே விட்டு, ஓரங்களை மட்டும் மோதிர விரலால் தட்டிக் கலக்க வேண்டும். நடுவில் தேய்த்தால் மறைத்தது போய்விடும். கருவளையம் நீலம் பாய்ந்ததாக இருந்தால் தோல் நிறக் கன்சீலர் மட்டும் அதை முழுதாக மறைக்காது. ஆரஞ்சு, பீச் சாயல்தான் நீலத்தை அடக்கும். இதற்காகவே லிப்ஸ்டிக்கைக் கண்ணுக்குக் கீழே தடவும் காணொளிகள் நிறைய உலவுகின்றன. நான் அதைச் சொல்ல மாட்டேன். உதட்டுக்கென்று அனுமதிக்கப்படும் சாயங்கள் எல்லாவற்றையும் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. கண் பகுதிக்கு அனுமதிப்பதில்லை. லிப்ஸ்டிக்கில் வாசனைப் பொருளும் இருக்கும். கண்ணடித் தோலோ மிக மெல்லியது. கருவளையம் அழுத்தமாக இருந்தால் கொஞ்சம் பீச் சாயல் உள்ள கன்சீலராகப் பார்த்து வாங்குவதே மேல்.

ஆனால் கன்னத்துக்கு லிப்ஸ்டிக் தாராளமாக ஆகும். இங்கே பார்க்க வேண்டியது பதம். வாங்கும் முன் புறங்கையில் ஒரு கோடு இழுத்து, ஒரு நிமிடம் கழித்து விரலால் தேய்த்துப் பாருங்கள். கோடு கரைந்து மெல்லிய சாயமாகப் பரவினால் அது கன்னத்துக்கும் ஆகும். அசையாமல் கெட்டியாக நின்றால், இல்லை காய்ந்த வண்ணப்பூச்சுபோல் உதிர்ந்தால், உதட்டோடு சரி. திரவமாக இருந்து காய்ந்து இறுகும் ‘லிக்விட் மேட்’ வகை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இந்தக் கிட்டுக்கு உதவாததற்குக் காரணம் இதுதான். கன்னத்தில் வைத்த இடத்திலேயே அது வட்டமாகக் காய்ந்துவிடும்.

நிறத்தைப் பொறுத்தவரை, மாநிறத்துக்கும் கருமை நிறத்துக்கும் வெளிர் ரோஸைவிட செங்கல் சிவப்பு, பழுப்பு கலந்த ரோஸ், நாவல்பழச் சாயல் ஆகியவை நின்று பேசும். செங்கல் சிவப்பை விரல் நுனியால் உதட்டில் ஒற்றினால் வகுப்புக்கு. குச்சியிலிருந்து நேராக இரண்டு தடவை இழுத்தால் ஆண்டு விழாவுக்கு. கன்னத்துக்கு எடுக்கும்போது குச்சியை முகத்தில் வைக்காமல், விரலில் தொட்டு, புறங்கையில் ஒருமுறை தட்டிவிட்டு மிச்சத்தை வையுங்கள். முகப்பரு தலைதூக்கியிருக்கும் நாளில் கன்னத்தை விட்டுவிடலாம்.

பழுப்பு ஐ ஷேடோதான் இந்தப் பையில் அதிகம் உழைப்பது. பதினெட்டு நிறம் அடுக்கிய மலிவு பெட்டியைவிட, மினுமினுப்பே இல்லாத, செம்மை தட்டாத அடர்பழுப்பு ஒன்று போதும். உலர்ந்த தூரிகையால் புருவத்தின் இடைவெளியை நிரப்பலாம்; வகிட்டில் முடி குறைந்து தெரிந்தால் அங்கேயும் ஒற்றலாம். தூரிகை நுனியை நனைத்துத் தொட்டால் ஐ லைனர். மினுமினுப்புள்ளதை வாங்கினால் இமையைத் தவிர வேறெங்கும் வைக்க முடியாது.

காஜல் கலங்குவதையும் இதே பழுப்புதான் நிறுத்தும். ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று போட்டிருந்தும் மத்தியானத்துக்குள் கண்ணடி கறுத்துப்போவதற்கு, தண்ணீரைவிட எண்ணெயே பெரிய காரணம். கண்ணடியில் தடவிய கிரீமும், தோலில் ஊறும் எண்ணெயும் காஜலின் மெழுகை இளக்கிவிடும். அதனால் கண்ணடியை டிஷ்யூவால் ஒற்றி, கொஞ்சம் காம்பாக்ட் தட்டிவிட்டு, கீழ் இமை முடியின் வேரோரத்தில் காஜலை இழுத்து, அதன் மேலேயே பழுப்புப் பொடியை அழுத்துங்கள். மெழுகின் மேல் பொடி உட்கார்ந்தால் நகராது. மாலை நிகழ்ச்சியென்றால் இதே காஜலை மேல் இமையோரம் தடித்து இழுத்து, உலரும் முன் பட்ஸால் கலைத்துவிட்டால் புகைபடிந்த கண் ஒப்பனை தயார். திருகும் காஜலை இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வெளியே நீட்டாதீர்கள். வெயிலில் இளகி, இழுக்கும்போது முறிந்துவிடும்.

காம்பாக்ட்டை நெற்றி, மூக்கு, மோவாய் மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். வியர்வையின் மேலேயே பஃபை அழுத்தினால் திட்டுத் திட்டாக அப்பிக்கொள்ளும். முதலில் கைக்குட்டையால் ஒற்றி எடுக்க வேண்டும். ‘எஸ்.பி.எஃப். இருக்கு’ என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பி சன்ஸ்கிரீனை விடவும் கூடாது. அந்தப் பாதுகாப்பு கிடைக்கும் அளவுக்குப் பவுடரை யாரும் அப்பிக்கொள்வதில்லை.

சன்ஸ்கிரீனில் ஒரு பணக்கணக்கு ஒளிந்திருக்கிறது. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்க வேண்டும். அது ஏறக்குறைய ஒரு கிராம். 50 கிராம் டியூப் தினம் ஒரு தடவைக்கே ஒன்றரை மாதத்தில் காலியாகிவிடும். மற்ற ஐந்தும் மாதக்கணக்கில் வரும். இது மட்டும் திரும்பத் திரும்ப வாங்க வேண்டியது. ஆகவே இதை மேக்கப் செலவில் சேர்க்காமல் சோப்பு, ஷாம்பு கணக்கில் வைக்கச் சொன்னேன். துத்தநாக ஆக்சைடு அதிகமுள்ளவை மாநிறத்தில் வெள்ளை பூசியதுபோல் நிற்கலாம். தாடையில் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பூசியபின் பத்து நிமிடம் காயவிடாமல் கன்சீலரைத் தேய்த்தால் இரண்டும் சேர்ந்து திரி திரியாக உருண்டு வரும். கன்சீலரை சன்ஸ்கிரீனோடு குழைத்து ‘பி.பி. கிரீம்’ செய்வதும் வேண்டாம். கலப்பில் எங்கே எவ்வளவு பாதுகாப்பு மிஞ்சும் என்று சொல்ல முடியாது.

விடுதியில் பொருளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வது இயல்பு. ஐ ஷேடோவை அவரவர் தூரிகையால் தொட்டால் பெரிய கேடில்லை. காஜலை மட்டும் யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். மெட்ராஸ் ஐ பரவும் வழிகளில் இதுவும் ஒன்று. கண் சிவந்த காலத்தில் போட்ட காஜல் புதியதாக இருந்தாலும் குப்பைக்குத்தான். பெயர், முகவரி இல்லாமல் திருவிழாக் கடையில் விற்கும் சுர்மாவைத் தொடவே வேண்டாம். அவற்றில் சில ஈயக் கனிமத்தைப் பொடித்துச் செய்தவை. வாங்கும் பொருளின் அட்டையில் தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது எல்லாம் இருக்க வேண்டும். திறந்த டப்பா படத்துக்குள் 12 எம் என்றிருந்தால், திறந்த நாளிலிருந்து 12 மாதம் என்று அர்த்தம். திறந்த தேதியை ஒரு துண்டு பிளாஸ்திரியில் எழுதி அடியில் ஒட்டிவிடலாம்.

கலைப்பதற்கென்று தனியாக எதுவும் வாங்கவில்லை. விடுதி அலமாரியில் தேங்காய் எண்ணெய் இருந்தது. இரண்டு சொட்டைப் பஞ்சில் விட்டு, மூடிய கண்ணின் மேல் பத்து விநாடி வைத்து, கீழ்நோக்கித் துடைத்தால் காஜல் முழுக்க வந்துவிடும். எண்ணெய் வழியும் சருமத்தில் அது தங்கினால் பரு கிளம்பக்கூடும் என்பதால், கண்ணைத் தவிர மற்ற இடத்தில் தடவாமல், துடைத்த கையோடு ஃபேஸ்வாஷ் போட்டுக் கழுவிவிடச் சொல்லியிருக்கிறேன்.