மாதக் கட்டணமும் ஆண்டுச் செலவும்

பிள்ளையின் இசை வகுப்புக்கு என்ன செலவாகிறது என்று கேட்டால், பெரும்பாலான பெற்றோர் மாதக் கட்டணத்தையே கூறுவர். ஆனால், கட்டணம் செலவின் ஒரு பகுதிதான். போக்குவரத்து, கருவி, தேர்வு, போட்டி எனப் பல செலவுகள் வெவ்வேறு மாதங்களில் வருவதால் அவை கண்ணில் படுவதில்லை. அவற்றையும் கூட்டினால்தான் எதைத் தொடர்வது, எதை விடுவது என்று முடிவெடுக்க முடியும்.

மலாக்கா மாநிலத்தில், அலோர் காஜாவுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் வாழும் ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அக்குடும்பத்தின் மகள் இரண்டாம் படிவ மாணவி. அவள் மலாக்கா பட்டணத்தில் வயலின் கற்கிறாள். அலோர் காஜாவில் பூப்பந்துப் பயிற்சி பெறுகிறாள். ஆண்டிறுதி விடுமுறையில் நான்கு நாள் முகாமுக்கும் செல்ல விரும்புகிறாள். இங்குத் தரப்படும் தொகைகள் கணக்கிடும் முறையை விளக்குவதற்கே. இடத்திற்கு இடம் அவை மாறுபடும்.

வயலின் வகுப்புக்கு மாதம் 100 ரிங்கிட். ஆண்டிறுதியில் ஒரு மாதம் வகுப்பு இல்லாததால், 11 மாதங்களுக்கு 1,100 ரிங்கிட் ஆகிறது. வாரம் ஒரு வகுப்பு என 44 முறை பட்டணத்துக்குச் சென்றுவர வேண்டும். போய்வரும் தூரம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அதற்கு நான்கு லிட்டர் பெட்ரோல் செலவாகும். லிட்டர் இரண்டு ரிங்கிட் என்றால் ஒரு பயணத்திற்கு 8 ரிங்கிட், ஆண்டுக்கு 352 ரிங்கிட். தந்தி மாற்ற 80, தேர்வுக் கட்டணம் 300 ஆகியவற்றைச் சேர்த்தால் மொத்தம் 1,832 ரிங்கிட்.

இவ்வாறே பூப்பந்துக்கும் கணக்கிடலாம். பயிற்சிக் கட்டணம் 880 ரிங்கிட். காலணி, மட்டையின் நரம்பு, போட்டிக் கட்டணம், மோட்டார்சைக்கிள் பெட்ரோல் ஆகியவற்றுடன் 1,254 ரிங்கிட்டாகிறது. முகாமின் கட்டணம் 350 ரிங்கிட். பை, மழையங்கி, பயணம், கைச்செலவு சேர்ந்தால் 510 ரிங்கிட். கட்டணங்களை மட்டும் கூட்டினால் 2,330 ரிங்கிட். எல்லாவற்றையும் கூட்டினால் 3,596 ரிங்கிட். அதாவது, மாதத்திற்கு ஏறத்தாழ 300 ரிங்கிட். குடும்பத்தால் ஒதுக்க முடிந்ததோ மாதம் 200 ரிங்கிட், ஆண்டுக்கு 2,400 ரிங்கிட்தான்.

எதைக் குறைப்பது? வயலின் வகுப்பில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 42 ரிங்கிட் செலவாகிறது. பூப்பந்துப் பயிற்சி வாரம் இருமுறை, ஒன்றரை மணி நேரம் நடப்பதால், அங்கு ஒரு மணி நேரத்துக்குப் பத்து ரிங்கிட்டுக்கும் குறைவு. இதை மட்டும் பார்த்தால் வயலினை விட்டுவிடத் தோன்றும். மாறாக, “வயலினுக்கு 600 ரிங்கிட் கொடுத்தாயிற்றே, அதற்காகவாவது தொடர வேண்டும்,” என்று தந்தை நினைக்கலாம். அதுவும் சரியான காரணமன்று. வகுப்பைத் தொடர்ந்தாலும் நிறுத்தினாலும் அந்தப் பணம் திரும்பி வராது. இனிச் செலவாகப் போகும் பணத்தையே எண்ண வேண்டும்.

முடிவெடுக்க இரண்டு கேள்விகள் உதவும். முதலாவது, இதே வாய்ப்பு குறைந்த செலவில் வேறெங்கும் கிடைக்குமா? 2011-ஆம் ஆண்டு முதல் ‘ஒரு மாணவர் ஒரு விளையாட்டு’ என்னும் கொள்கை நம் பள்ளிகளில் நடைமுறையில் உள்ளது. எனவே, அவள் பள்ளிப் பூப்பந்துக் குழுவில் விளையாடலாம். சீருடை இயக்கத்தின் வழி முகாமுக்கும் செல்லலாம். வயலின் ஆசிரியர் அவள் பள்ளியில் இல்லை. இரண்டாவது, யாரும் சொல்லாமலே அவள் எதைச் செய்கிறாள்? தாய் இரண்டு மாதங்கள் நாட்காட்டியில் குறித்து வந்தார். மகள் பெரும்பாலான நாள்களில் தானே வயலினை எடுத்திருந்தாள். பூப்பந்துப் பயிற்சிக்கு நான்கு முறை போகவில்லை.

எனவே, வயலின் வகுப்பு தொடர்கிறது. பள்ளியில் பூப்பந்து விளையாடக் காலணிக்கும் நரம்புக்கும் 250 ரிங்கிட், சீருடை இயக்க முகாமுக்குப் பொருள்களுடன் 240 ரிங்கிட் என ஒதுக்கினால், மொத்தம் 2,322 ரிங்கிட். மீதி 78 ரிங்கிட் எதிர்பாராத செலவுக்கு.

இதில் இழப்பும் உண்டு. பள்ளியில் தனிப் பயிற்றுநரின் கவனம் கிடைக்காது. பயிற்சியகத் தோழியரைப் பிரிவதும் அவளுக்கு எளிதன்று. நாட்காட்டியில் குறிப்புகள் வேறாக இருந்திருந்தால், அல்லது அவள் மாவட்டக் குழுவுக்குத் தேர்வாகும் நிலையில் இருந்திருந்தால், முடிவும் வேறாக இருந்திருக்கும்.

கணக்கு இத்துடன் முடிவதில்லை. ஜூன் மாத இறுதியில் அதுவரை ஆன செலவைக் கூட்டிப் பார்க்க வேண்டும். தேர்வுக் கட்டணம், முகாம் போன்ற பெரிய செலவுகள் இன்னும் வராத நிலையிலேயே 1,200 ரிங்கிட்டைத் தாண்டியிருந்தால், ஏதோ ஒரு செலவு முதலில் கணக்கில் சேர்க்கப்படவில்லை என்று பொருள். அதை அப்போதே கண்டுபிடித்தால், ஆண்டிறுதியில் முகாமைக் கைவிட நேராது.