மலையிலிருந்து விழும் கல் எங்கே போய் நிற்கும்?

மலைச்சாலைக்கு மேலே நிற்கும் பாறை பார்வைக்கு ஒரே கல்லாகத் தெரிந்தாலும், விரிசல்கள் அதைப் பல துண்டுகளாகப் பிரித்து வைத்திருக்கும். மழைநீர் விரிசலில் இறங்கி இடையிலுள்ள மண்ணைக் கரைக்கும். மரத்தின் வேர் உள்ளே புகுந்து நெம்பும். குளிர்நாடுகளில் அந்த நீரே பனிக்கட்டியாகிப் பருத்து விரிசலை அகலப்படுத்தும். கடைசியில் ஒரு துண்டு பிடி இழக்கிறது. அது எந்த நாளில் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் விழுந்தால் எந்த வழியில் வரும் என்பதை ஓரளவு சொல்லிவிடலாம்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில நெடுஞ்சாலைத் துறையில் புவியியலாளராக இருந்த ஆர்தர் ரிச்சி, சரிவுகளின் உச்சியிலிருந்து நூற்றுக்கணக்கான கற்களை உருட்டிவிட்டு அவை விழுவதைப் படமெடுத்தார். 1963இல் அவர் வெளியிட்ட முடிவுகள்தான் இத்துறைக்கு அடித்தளம். ஏறக்குறைய 75 டிகிரிக்கு மேல் செங்குத்தான சரிவில் கல் நேராக விழுகிறது. சாலைக்குப் போகாமல் அடிவாரத்தை ஒட்டியே இறங்குகிறது. 45 டிகிரிக்குக் கீழே சாய்ந்த சரிவில் உருண்டு வருகிறது. இவை இரண்டுக்கும் இடைப்பட்ட சரிவில் கல் மலையில் மோதி, துள்ளி, வெளியே எறியப்படுகிறது. சரிவின் நடுவே துருத்திய ஒரு திட்டு இருந்தாலும் இதே கதைதான். விழும் கல்லை நிறுத்தட்டும் என்று வெட்டப்பட்ட படிக்கட்டுகூட, மண் நிரம்பிவிட்டால், கல்லைச் சாலைப் பக்கம் எகிறவைக்கும் பலகையாக மாறிவிடுகிறது.

மோதும் ஒவ்வொரு முறையும் கல்லின் வேகத்தில் ஒரு பங்கு சுழற்சியாக மாறுகிறது. பம்பரம்போல் சுழன்றுகொண்டே பள்ளத்தில் விழும் கல் அங்கே அடங்கிக் கிடப்பதில்லை. எதிர்ச்சுவரில் தொற்றி ஏறி, சாலைக்கே வந்துவிடும். அதனால்தான் ரிச்சி, மலையடிவாரத்துக்கும் சாலைக்கும் நடுவே வெட்டும் தடுப்புப் பள்ளத்தின் சாலையோரக் கரையை நல்ல சரிவாக வைக்கச் சொன்னார். பள்ளத்தின் அகலம் கல் விழும் இடத்தைப் பிடிப்பதற்கு. ஆழமும் கரையும் அது ஏறி வராமல் மறிப்பதற்கு. சுமார் 20 மீட்டர் உயரமுள்ள செங்குத்துச் சரிவுக்கு நாலரை மீட்டருக்குக் குறையாத அகலமும் ஒரு மீட்டருக்கு மேல் ஆழமும் வேண்டும் என்பது அவர் கணக்கு.

இப்படி ஆழமான பள்ளத்தைச் சாலையோரத்தில் வெட்டினால், தடம் மாறும் வண்டியே அதில் கவிழும். ஆகவே ஓரிகன் மாநிலத்தில், ஒரு கல்குவாரியில் 11,000க்கும் மேற்பட்ட கற்களை விழவிட்டு, ஆழம் குறைந்த, சாலையிலிருந்து மலைப்பக்கமாக இறங்கும் சாய்தளங்களைச் சோதித்தார்கள். 2001இல் வந்த அதன் கையேடு, எத்தனை சதவீதக் கற்களைப் பிடிக்க எவ்வளவு அகலம் வேண்டும் என்று சொல்கிறது. எந்தப் பள்ளமும் எல்லாக் கற்களையும் பிடிக்காது என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் முறை இது. அதுவே நேர்மையான முறையும்கூட.

பள்ளத்துக்கு இடம் இல்லாத குறுகலான மலைச்சாலையில் வேலிதான் வழி. 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டைக் கல் ஏறத்தாழ 300 கிலோ இருக்கும். 20 மீட்டர் உயரத்திலிருந்து தடையின்றி விழுந்தால் அடிவாரத்தில் மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். அதன் ஆற்றல் சுமார் 60 கிலோ ஜூல். கெட்டியான சுவர் ஒன்று அதை 10 சென்டிமீட்டருக்குள் நிறுத்த முயன்றால், சுவர் தாங்கவேண்டிய விசை சராசரியாக 60 டன் எடைக்குச் சமம். அதே கல்லை 2 மீட்டர் உள்வாங்கி நிறுத்தும் வலைக்கு அது 3 டன்தான். கிரிக்கெட்டில் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுப்பதும் இந்தக் காரணத்தால்தான். எஃகு வளையங்களைக் கோத்த வலையும், அதைத் தாங்கும் எஃகு வடங்களில் இழுபட்டு நீளும் 'பிரேக்' உறுப்புகளும் இதற்காகவே.

வலை பின்வாங்கும் அந்த இடத்தை விட்டுத்தான் வேலியை நடவேண்டும். சாலையின் விளிம்பிலேயே நட்டால், கல்லை நிறுத்திய வலையே ஓடும் வண்டிமேல் இடிக்கும். சிறு கற்கள் ஓயாமல் உதிரும் சரிவுக்கு இத்தனை ஏற்பாடு தேவையில்லை. உச்சியில் கட்டி, முகத்தின்மேல் திரைபோலத் தொங்கவிட்ட கம்பிவலை போதும். கற்கள் அதற்குள்ளேயே சறுக்கி, திறந்திருக்கும் அடிப்பக்கத்தில் விழும்.

கட்டியபின் கவனிக்காமல் விடுவதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. ஒருமுறை நீண்ட பிரேக் உறுப்பு பழைய நிலைக்குத் திரும்பாது. பெரிய கல்லைத் தாங்கிய வேலியில் அதை மாற்றியாக வேண்டும். பள்ளமும் அப்படியே. 120 சென்டிமீட்டர் ஆழத்தில் 80 சென்டிமீட்டர் கல்லும் மண்ணும் நிறைந்திருந்தால் அடுத்த கல்லை மறிக்க மீதமிருப்பது 40 சென்டிமீட்டர்தான். மழைக்காலத்துக்கு முன்பு ஒரு பொக்லைனை இறக்கித் தூர்வாருவது, புது வேலி போடுவதைவிட எப்போதும் மலிவு.