செம்பைச் சுற்றி எழும் சுவர்

பம்ப்செட்டிலும் கிரேனிலும் தண்டைத் தாங்குகிற வெண்கலப் புஷ்ஷைப் பலரும் கையில் எடுத்துப் பார்த்திருப்பார்கள். நூறு பங்கில் தொண்ணூறு செம்பு, பத்து வெள்ளீயம். அதில் ஒரு சிறு துண்டை அறுத்து, எமரி தாளில் படிப்படியாகத் தேய்த்து, வெல்வெட் துணியில் அலுமினாத் தூள் வைத்துக் கண்ணாடிபோல் மெருகேற்றி நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், இளஞ்சிவப்புத் தரையில் வெளிறிய நீலநிறத் தீவுகள் தெரியும். மாணவனாக முதன்முதலில் அவற்றைப் பார்த்தபோது துண்டில் அழுக்கு ஒட்டியிருக்கிறது என்றுதான் நினைத்தேன். மறுபடி மெருகேற்றினேன். தீவுகள் அப்படியே இருந்தன.

ஆய்வகத்தில் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் செம்பு–வெள்ளீயம் நிலை வரைபடத்தைக் காட்டி, "பத்து சதவீதக் கலவை உறைந்து முடிந்ததும் என்ன இருக்கணும்னு இதுல பாருப்பா" என்றார். கோட்டின்மேல் விரலை வைத்து இறங்கினேன். உறைந்து முடியும் இடத்தில் ஆல்ஃபா மட்டுமே இருந்தது. ஆல்ஃபா என்பது செம்பின் படிகத்துக்குள் வெள்ளீய அணுக்கள் கலந்திருக்கும் திண்மக் கரைசல். வரைபடம் சொன்னது ஒன்று, கண்ணில் பட்டது வேறு. இரண்டுமே சரி என்று புரிய எனக்குச் சில நாள் ஆனது.

நிலை வரைபடத்தில் கிடைக்கோடு கலவையின் அளவைக் காட்டும், நிலைக்கோடு வெப்பநிலையைக் காட்டும். இன்ன கலவை, இன்ன வெப்பத்தில், எந்த நிலையில் இருக்கும் என்பதை அதில் படிக்கலாம். ஆனால் அந்த வரைபடம் நேரக் கணக்கு அறியாது. ஒவ்வொரு டிகிரியிலும் அணுக்கள் தத்தம் இடத்துக்குப் போய்ச் சேரும்வரை காத்திருந்தால் என்ன நடக்குமோ, அதைத்தான் அது சொல்கிறது. வார்ப்படப் பட்டறையில் யாரும் அவ்வளவு காத்திருப்பதில்லை. மணல் அச்சில் ஊற்றிய புஷ் சில நிமிடங்களில் உறைந்துவிடும்.

அந்தச் சில நிமிடங்களில் நடப்பதைப் பார்ப்போம். பத்து சதவீத வெண்கலம் சுமார் 1000 டிகிரி செல்சியஸில் உறையத் தொடங்கும். முதலில் பிறக்கும் படிகத்தில் வெள்ளீயம் பத்து சதவீதம் இருக்காது. ஏறக்குறைய மூன்று சதவீதம்தான் இருக்கும். குச்சி ஐஸ் உறையும்போது முதலில் தண்ணீர் மட்டும் உறைந்து, சர்க்கரையும் சாயமும் மிச்சப் பாகில் ஒதுங்கும் அல்லவா, அதே கதைதான். செம்பு முந்திக்கொண்டு உறைகிறது. வெள்ளீயம் உருகிய பகுதியில் சேர்ந்துகொண்டே போகிறது. இப்படி அடர்ந்த திரவத்திலிருந்து உறையும் அடுத்த அடுக்கில் வெள்ளீயம் சற்றுக் கூடுதலாக இருக்கும், அதற்கடுத்ததில் இன்னும் கூடும்.

மிக மெதுவாகக் குளிர்ந்தால் இந்த வேறுபாடு நிலைக்காது. வெளி அடுக்கிலுள்ள வெள்ளீயம் திண்மத்துக்குள்ளேயே மெல்ல நகர்ந்து நடுப்பகுதிக்குப் போகும். சுமார் 850 டிகிரியை நெருங்கும்போது கடைசித் துளியும் உறைந்து, எங்கே தொட்டாலும் பத்து சதவீதம் என்று சமமாகியிருக்கும். ஆனால் திண்மத்துக்குள் அணு நகர்வது சாதாரண விஷயமில்லை. திரவத்தில் அது நகரும் வேகத்தோடு ஒப்பிட்டால், உருகுநிலைக்கு அருகில்கூடப் பத்தாயிரம் மடங்குக்கும் குறைவு. உலோகம் குளிரக் குளிர இன்னும் குறையும். அதனால் மூன்று சதவீதத்தில் உறைந்த நடுப்பகுதி அப்படியே நின்றுவிடுகிறது, அதைச் சுற்றி ஐந்து, எட்டு, பன்னிரண்டு என்று அடுக்குகள் ஏறுகின்றன. இதைத்தான் உலோகவியலில் கோரிங் என்கிறோம். படிகங்கள் உருண்டையாக வளர்வதில்லை, தண்டும் கிளையுமாக மரம்போல வளர்கின்றன. ஒவ்வொரு கிளையின் நடுவிலும் செம்பு மிகுதி, ஓரத்தில் வெள்ளீயம் மிகுதி. மெருகேற்றிய துண்டை ஃபெரிக் குளோரைடு கரைசலில் சில நொடி நனைத்தால் போதும். நடுவும் ஓரமும் வெவ்வேறு அளவில் அரிக்கப்பட்டு, கிளைகள் நிழல் படிந்த ஓவியம்போல எழுந்து நிற்கும்.

நடுப்பகுதி தன் பங்கு வெள்ளீயத்தை வாங்கிக்கொள்ளவில்லை. அந்தப் பங்கெல்லாம் திரவத்திலேயே தங்குகிறது. ஆகவே 850 டிகிரியில் தீர்ந்துபோக வேண்டிய திரவம் தீரவில்லை. கிளைகளுக்கு இடையிலுள்ள சந்துகளில் ஒதுங்கி, மேலும் மேலும் அடர்ந்து, 798 டிகிரிக்கு வந்து சேரும்போது அதில் வெள்ளீயம் 25.5 சதவீதமாகிறது. அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஆல்ஃபாவின் விளிம்பில் 13.5 சதவீதம். பத்து சதவீதக் கலவை போகவே கூடாத இடம் இது. இங்கேதான் பெரிடெக்டிக் வினை நடக்கிறது.

பொதுவாக ஒரு திரவம் உறைந்தால் திண்மம் வரும். பெரிடெக்டிக் வினையிலோ திரவமும் ஏற்கெனவே உறைந்த ஒரு திண்மமும் சேர்ந்து மூன்றாவதாக இன்னொரு திண்மத்தைப் பெற்றெடுக்கின்றன. செம்பு–வெள்ளீயத்தில் அந்தப் புதிய திண்மத்தின் பெயர் பீட்டா. அதில் வெள்ளீயம் 22 சதவீதம். கணக்காகப் போட்டுப் பார்த்தால் எளிது. நூறு கிராம் பீட்டா வேண்டுமானால் 71 கிராம் திரவமும் 29 கிராம் ஆல்ஃபாவும் வேண்டும். 71 கிராம் திரவத்தில் வெள்ளீயம் ஏறக்குறைய 18 கிராம், 29 கிராம் ஆல்ஃபாவில் 4 கிராம், கூட்டினால் 22. திரவமும் ஆல்ஃபாவும் பீட்டாவும் சேர்ந்திருக்கும்வரை வெப்பநிலையும் 798ஐ விட்டு நகரக்கூடாது என்பது வரைபடத்தின் விதி.

தாளில் இவ்வளவு சுத்தமாக வரும் இந்த வினை, உலோகத்துக்குள் தன் வழியைத் தானே அடைத்துக்கொள்கிறது. 'பெரி' என்ற கிரேக்க முன்னொட்டுக்குச் சுற்றி என்று பொருள், அந்தப் பெயர் தற்செயலாக வந்ததல்ல. ஆல்ஃபாவும் திரவமும் தொடும் எல்லையில்தான் பீட்டா பிறக்கும். பிறந்தவுடன் ஆல்ஃபாவைச் சுற்றி வேகமாகப் படர்ந்து ஓடுபோல் மூடிவிடும். அதன்பின் ஆல்ஃபாவும் திரவமும் ஒன்றையொன்று தொட முடியாது. வினை தொடர வேண்டுமென்றால் திரவத்திலிருக்கும் வெள்ளீயம் பீட்டாச் சுவரை ஊடுருவி ஆல்ஃபாவை அடைய வேண்டும். அது திண்மத்தின் வழியே போகும் பயணம், ஆமை வேகம். போதாததற்கு, வினை நடக்க நடக்கச் சுவர் தடிக்கிறது, தடிக்கத் தடிக்கப் பயணம் நீளுகிறது. இரட்டிப்புத் தடிமனாக நான்கு மடங்கு நேரம் வேண்டும்.

வெப்பமோ இறங்கிக்கொண்டே இருக்கிறது. சுவருக்கு உள்ளே மாட்டிக்கொண்ட ஆல்ஃபா மாறாமல் நிற்க, வெளியே மிஞ்சிய திரவம் அதோடு சேராமல் தனியாகவே பீட்டாவாக உறைகிறது. சரியாக 22 சதவீத வெள்ளீயம் எடுத்து வார்த்தாலும் இதுதான் நடக்கும். வரைபடப்படி முழுக்க பீட்டாவாக மாறியிருக்க வேண்டிய துண்டில், ஒவ்வொரு பீட்டா மணியின் வயிற்றிலும் ஜீரணமாகாத ஆல்ஃபா கிடக்கும். இப்படி ஒன்றைச் சுற்றி ஒன்று உறைபோட்ட அமைப்பைக் கண்டால் பெரிடெக்டிக் வினை பாதியில் நின்றிருக்கிறது என்று ஊகிக்கலாம்.

இப்போது புஷ்ஷில் தெரிந்த நீலத் தீவுகளுக்குத் திரும்பலாம். சந்துகளில் உருவான பீட்டா அறை வெப்பம்வரை பிழைப்பதில்லை. 586 டிகிரியில் அது ஆல்ஃபாவாகவும் காமாவாகவும் பிரிகிறது. 520 டிகிரியில் காமாவும் பிரிந்து ஆல்ஃபாவும் டெல்டாவும் ஆகிறது. டெல்டாவில் வெள்ளீயம் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருக்கும். கடினமானது, ஆனால் கண்ணாடிபோல் உடையும். நான் அழுக்கு என்று நினைத்துத் தேய்த்தது இந்த டெல்டாவைத்தான். வரைபடப்படி இந்த டெல்டாவும் 350 டிகிரிக்குக் கீழே இன்னொன்றாக மாற வேண்டும். அந்த மாற்றம் அவ்வளவு மந்தம் என்பதால் வார்ப்படத்தில் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

டெல்டா இருப்பது குற்றமா என்றால், எதற்கு வார்த்தோம் என்பதைப் பொறுத்தது. புஷ்ஷுக்கு அது வரம். மெத்தென்ற ஆல்ஃபாவில் பதிந்த கடினத் தீவுகள் தண்டின் தேய்மானத்தைத் தாங்குகின்றன. ஆல்ஃபா சற்றே தேய்ந்து கொடுக்கும் பள்ளத்தில் எண்ணெய் தங்குகிறது. அதே வெண்கலத்தைத் தகடாக உருட்ட நினைத்தால் கதை மாறும். உருளைக்குள் போன முதல் சில தடவைகளிலேயே டெல்டா நொறுங்கி, அங்கிருந்து விரிசல் ஓடும். உருட்டுவதற்கு முன் 700 டிகிரியை ஒட்டிய சூட்டில் பல மணி நேரம் ஊறவைத்து, வெள்ளீயத்தை நடுப்பகுதிக்கு நகரவிட்டாக வேண்டும்.

எத்தனை மணி நேரம் என்பதைக் கிளைகளின் இடைவெளி தீர்மானிக்கிறது. இடைவெளி பாதியானால் நேரம் கால்வாசி. இங்கே ஒரு விசேஷம் உண்டு. கோரிங் வேகக் குளிர்ச்சியால் வருவது, ஆனால் வேகமாகக் குளிர்ந்த வார்ப்பில் கிளைகள் நெருக்கமாக இருப்பதால் அதைச் சரிசெய்வதும் சுலபம். இரும்பு அச்சில் சட்டென்று உறைந்த மெல்லிய வார்ப்பு சீக்கிரம் சமமாகிவிடும். மணலில் ஆறஅமர உறைந்த தடித்த வார்ப்புதான் நாளெல்லாம் உலையில் கிடக்கும்.

அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் வேறொரு ஆபத்து காத்திருக்கிறது. பத்து சதவீத வெண்கலம் 850 டிகிரிவரை உருகாது என்று வரைபடத்தை நம்பி உலையை 820க்கு ஏற்றினால், சந்துகளில் இன்னும் கரையாத டெல்டா மறுபடி பீட்டாவாகி, 798ஐத் தாண்டியதும் உருகத் தொடங்கும். துண்டு வெளியே முழுதாகத்தான் தெரியும். உள்ளே கிளைகளின் ஓரமெல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கும். அப்படிப்பட்ட வார்ப்பை எந்தச் சிகிச்சையாலும் மீட்க முடியாது, மறுபடி உருக்கத்தான் வேண்டும். அதனால்தான் முதலில் 700ஐ ஒட்டி ஊறவைத்து, பீட்டாவுக்கும் டெல்டாவுக்கும் இடமில்லாமல் செய்த பிறகே வேண்டுமானால் மேலே போகிறார்கள்.

பீட்டாவின் அந்த 22 சதவீதத்தை நம் மண்ணில் மிகப் பழைய காலத்திலேயே கையாண்டிருக்கிறார்கள். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரிலும் நீலகிரியின் கல்வட்டங்களிலும் கிடைத்த மெல்லிய வெண்கலக் கிண்ணங்களை ஆராய்ந்த சாரதா சீனிவாசன், அவற்றில் சில ஏறக்குறைய அதே அளவு வெள்ளீயம் கொண்டவை என்று காட்டியிருக்கிறார். இந்தக் கலவையை வார்த்து அப்படியே ஆறவிட்டால் டெல்டா மலிந்து, கீழே விழுந்தால் சில்லுசில்லாகும். அவர்கள் செய்தது வேறு. வார்த்த வட்டத்தைச் செந்தணலில் காயவைத்து, ஆல்ஃபாவும் பீட்டாவும் மட்டுமே இருக்கும் சூட்டில் அடித்து அடித்து மெலியவைத்து, சிவப்பு மாறுமுன் தண்ணீரில் அமிழ்த்தினார்கள். 586 டிகிரியிலும் 520 டிகிரியிலும் பிரிவதற்கு பீட்டாவுக்கு நேரமே கிடைக்கவில்லை. அந்தக் கிண்ணத்தின் துண்டை இன்று நுண்ணோக்கியில் வைத்தால் ஊசி ஊசியாகக் கோடோடிய பீட்டாத் தரையும், சம்மட்டி அடியில் உருண்டு நெளிந்த ஆல்ஃபாத் தீவுகளும் தெரிகின்றன. டெல்டாவின் நீலம் அங்கே இல்லை.