கரோக்கே செயலி தரும் மதிப்பெண்ணை நம்பலாமா?

பாகான் நக்கோடா ஓமார்: திருமண விருந்திலும் பிறந்தநாள் வீட்டிலும் மைக் பிடிக்கும் நம் வட்டாரப் பாடகர்கள் பலருக்கு இப்போது கைப்பேசிதான் பயிற்சிக்கூடம். ஸ்மூல், ஸ்டார்மேக்கர் போன்ற கரோக்கே செயலிகள் இசையையும் பாடல் வரிகளையும் தருகின்றன. சேர்ந்து பாட ஆளும் கிடைக்கும். ஆனால், சுருதி சேர்கிறதா என்று பார்க்க இவற்றை மட்டும் நம்பக்கூடாது.

இவற்றிலுள்ள தமிழ்ப் பாடல்களில் பல, ரசிகர்களே ஏற்றியவை. அத்தகைய பாடல்களில் மெட்டைக் காட்டும் கோடு பெரும்பாலும் இருப்பதில்லை. கோடு இருந்தாலும் அது படிக்கட்டு போல நேராக நிற்கும். நம் பாட்டு அப்படி நிற்காதே! 1977-இல் வந்த ‘கவிக்குயில்’ படத்தில், இளையராஜா இசையில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய ‘சின்னக் கண்ணன் அழைக்கிறான்’ பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். அது ரீதிகௌளை ராகம். அதில் சில சுரங்களை அசைத்துத்தான் பாட வேண்டும். அந்த அசைவை, குரல் விலகியதாகச் செயலி எண்ணிவிடலாம். தட்டையாகப் பாடினால் மதிப்பெண் கூடும். ராகம் காணாமல் போகும்.

இதற்கு Vocal Pitch Monitor என்ற செயலி உதவும். இது மதிப்பெண் போடாது. குரல் போகும் வழியைக் கோடாக வரைந்து காட்டும், அவ்வளவுதான். முதலில் கரோக்கே இசையோடு ‘சா’ பிடித்து, அது எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பல்லவியின் முதல் வரியை இசையில்லாமல் மூன்று முறை பாடுங்கள். (இசை வெளியே ஒலித்தால் செயலி அதையும் குரலாக எடுத்துக்கொள்ளும்.) அசைவுகளை விட்டுவிடுங்கள், நீட்டி நிறுத்தும் இடத்தை மட்டும் பாருங்கள். மூன்று முறையும் கோட்டுக்குக் கீழேயே நின்றால் சுருதி இறங்குகிறது என்று பொருள். வரியின் முடிவில் மட்டும் சரிந்தால், பெரும்பாலும் மூச்சுதான் போதவில்லை. மூச்சு எடுக்கும் இடத்தை மாற்றிப் பாருங்கள்.

அடுத்தது பதிவு. இங்கே பலரை ஏமாற்றுவது புளூடூத் இயர்போன். அதன் மைக்கைத் திறந்ததும் பல கைப்பேசிகள் தொலைபேசி அழைப்புத் தரத்துக்கு இறங்கிவிடும். ‘ச’, ‘ஸ’ ஒலிகள் மழுங்கி, குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால் அதுதான் காரணம். போதாக்குறைக்கு இசை காதுக்குத் தாமதமாக வரும். தாளத்தோடு பாடியும் பதிவில் குரல் பின்தங்கும். விலை குறைந்த வயர் இயர்போனே இதற்கு மேல். மைக் சட்டையில் உரசாமல், வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், தகரக் கூரையில் மழை பெய்யும் நேரத்தில் பதிவே வேண்டாம்.

எதிரொலி, சுருதித் திருத்தம் போன்ற அலங்காரங்களைப் பயிற்சியின்போது அணைத்து வையுங்கள். திருத்தம் போட்ட பதிவில் நீங்கள் கேட்பது செயலி சரிசெய்த சுருதியை. மேடையில் அந்தச் செயலி கூட வராது.