முப்பத்தைந்து புள்ளி மூன்று
கட்டுமானக் குறிப்பேடு – 9

சென்ற வாரம் கியூப் வார்ப்பதைப் பார்த்தோம். இந்த வாரம், வார்த்த கியூப் 28-ஆம் நாள் தோற்றுவிட்டால் என்ன எழுதுவது என்று பார்ப்போம். அதற்கான தாளுக்கு வேலைத்தளத்தில் என்.சி.ஆர். என்று பெயர். அதில் காரணம், முடிவு, திருத்த நடவடிக்கை என்று மூன்று கட்டங்கள் இருக்கும். மூன்றையும் ஒன்றாகக் குழப்பி, "மறுபரிசோதனை செய்யப்பட்டது, சரி" என்று ஒரே வரியில் மூடிவிடும் பழக்கம் நம் ஊரில் பெருகிவிட்டது. அது ஆபத்தான பழக்கம்.

தாராவியில் ஒரு மறுகட்டுமான வேலை என்று வைத்துக்கொள்வோம். பல தளங்களில் கண்டதைக் கோத்துச் சொல்கிறேன். எந்த ஒரு நிறுவனத்தின் கதையும் இல்லை. ஏழாவது மாடித் தூண்களுக்கு எம்40 காங்கிரீட் 18 கனமீட்டர். செம்பூர்ப் பக்கத்து ஆர்.எம்.சி. பிளாண்டிலிருந்து மூன்று மிக்சர் லாரிகள், ஒவ்வொன்றிலும் 6 கனமீட்டர். லாரிக்கு ஒரு மாதிரி, மாதிரிக்கு மூன்று கியூப். 28 நாள் கழித்து முதல் இரண்டு லாரிகளின் முடிவு 46.8, 47.5. மூன்றாவது 35.3. அதாவது 15 சென்டிமீட்டர் கியூப் 900 கிலோநியூட்டன் சுமையாவது தாங்கியிருக்க வேண்டும், 794-லேயே நொறுங்கிவிட்டது.

ஐ.எஸ். 456-ம் அதன் நான்காம் திருத்தமும் இரண்டு நிபந்தனை வைக்கின்றன. தனி முடிவு எதுவும் 37-க்குக் கீழே போகக் கூடாது. அடுத்தடுத்த நான்கு முடிவுகளின் சராசரி, இந்தக் கலவைக்கு 44-க்குக் குறையக் கூடாது. அடுத்த வார்ப்பின் முடிவு 48.0. நான்கையும் சேர்த்தால் சராசரி 44.4. "சராசரி பாஸ் சார், விட்டுடுங்க" என்று ஒப்பந்தக்காரர் தரப்பு சொல்லும். விட முடியாது. நல்ல லாரியின் பலம் கெட்ட லாரியின் தூணுக்குப் போய்ச் சேராது. அதனால்தான் விதியில் இரண்டு நிபந்தனைகள்.

முதல் கேள்வி, தவறு கியூபிலா, காங்கிரீட்டிலா என்பது. மூன்று கியூபும் 35.2, 34.6, 36.1. தம் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் எதுவும் விலகவில்லை. ஆகவே மாதிரி செல்லும். உடைந்த விதமும் சரி: நான்கு பக்கமும் சமமாக உதிர்ந்து, நடுவில் இடுப்பு ஒடுங்கிய உருவம் மிஞ்சியிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் பிளந்திருந்தால் கியூபின் முகம் கோணல் அல்லது எந்திரத்தில் சரியாக நடுவில் வைக்கவில்லை என்று சந்தேகப்படலாம். எடையும் பார்க்க வேண்டும். சரியாகக் குத்தாமல் உள்ளே ஓட்டை விழுந்த கியூப் எட்டு கிலோவுக்கு நன்றாகக் கீழே இறங்கிவிடும், இவை இறங்கவில்லை. கியூப் ஊறிய தொட்டியின் வெப்பநிலைப் பதிவும் எந்திரத்தின் சான்றிதழும் ஒழுங்கு. அப்படியானால் தோற்றது காங்கிரீட்தான்.

பிளாண்டின் அச்சுத்தாளைப் பார்த்தால் சிமென்ட், ஃபிளை ஆஷ் சேர்த்துக் கனமீட்டருக்கு 400 கிலோ, தண்ணீர் 160 லிட்டர். மூன்று லாரிக்கும் அதே கணக்கு. ஆகவே தவறு பிளாண்டில் இல்லை. கேட் பதிவேட்டில்தான் விஷயம் இருக்கிறது. சயான் ரயில்வே மேம்பாலத்தை 2024 ஆகஸ்டில் மூடியபின் அந்தப் பக்கத்துப் போக்குவரத்தெல்லாம் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. மூன்றாவது லாரி இரண்டு மணி நேரம் தாண்டி வந்திருக்கிறது. பிளாண்டில் 160 மில்லிமீட்டராக இருந்த ஸ்லம்ப், தளத்தில் 70. முதல் தூண் எப்படியோ நிரம்பியது. பிறகு பம்ப் அடைத்தது. "கொஞ்சம் தண்ணி விட்டுக்கோப்பா" என்று சூப்பர்வைசர் சொல்ல, லாரியின் தொட்டியிலிருந்து 200 லிட்டர் போலப் போயிருக்கிறது. அப்போது உள்ளே மிச்சம் 5 கனமீட்டர். கனமீட்டருக்கு 40 லிட்டர் கூடுதல் என்றால், சிமென்டுக்குத் தண்ணீர் விகிதம் 0.40-லிருந்து 0.50. பத்துப் பன்னிரண்டு அலகு பலம் போவதற்கு அது போதும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கியூப் எடுத்த பையன் தண்ணீர் விட்ட பிறகு எடுத்ததால்தான் இது தெரிந்தது. முன்னாலேயே எடுத்திருந்தால் கியூப் 46 காட்டியிருக்கும். பலவீனமான தூண்கள் யாருக்கும் தெரியாமல் நின்றிருக்கும்.

காரணக் கட்டத்தில் "தொழிலாளர் கவனக்குறைவு" என்று எழுதினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். தண்ணீர் விட்டது நடந்த செயல். ஏன் விட்டார்கள்? லாரியைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் தளத்தில் எவருக்கும் எழுத்தில் தரப்படவில்லை. ஸ்லம்ப்பை மீட்கும் ரசாயனக் கலவை தளத்தில் இல்லை. அதைவிட மோசம், 7-ஆம் நாள் சோதனைக்கென்று தனியாக வார்த்த கியூப் 24 காட்டியிருக்கிறது. மற்ற இரண்டும் 32-க்கு மேல். அந்தத் தாளைக் கோப்பில் போட்டுவிட்டு மேலே மூன்று தளம் ஏற்றிவிட்டார்கள். இவைதான் காரணம்.

முடிவு என்பது ஏற்கெனவே வார்த்த தூண்களைப் பற்றியது. முதலில் மேலே வேலையை நிறுத்த வேண்டும். பிறகு எந்தத் தூண் என்று கண்டுபிடிக்க வேண்டும். வார்ப்புப் பதிவேட்டின்படி மூன்றாவது லாரி ஆறு தூண்களுக்குப் போயிருக்கிறது. சுத்தியல் சோதனையில் முதல் தூண் மற்ற லாரிகளின் தூண்களோடு ஒத்துப்போகிறது. மீதி ஐந்தும் தெளிவாகத் தாழ்கின்றன. சுத்தியல் ஒப்பிடத்தான் உதவும், ஏற்றுக்கொள்ள உதவாது. ஆகவே ஐந்திலும், கம்பி எங்கே இருக்கிறது என்று கருவியால் பார்த்து, அது அறுபடாதபடி கோர் எடுக்க வேண்டும். கோரின் கியூப் சமபலச் சராசரி 35.7, மிகக் குறைந்தது 31.8 என்று வருகிறது. விதி கேட்பது சராசரியில் 85 சதவீதம், அதாவது 34. தனிக் கோரில் 75 சதவீதம், அதாவது 30. விதிப்படி தேறிவிட்டது.

ஆனாலும் கட்டமைப்புப் பொறியாளர் ஐந்து தூண்களையும் உள்ளபடியான பலத்தில் மறுகணக்குப் போட வேண்டும் என்பது என் கட்சி. இந்தக் கணக்கில் நான்கு தூண் தாங்குகிறது, சுமை அதிகமுள்ள மூலைத் தூண் தாங்கவில்லை. அதற்குச் சுற்றிலும் கம்பி கட்டி ஜாக்கெட் போட வேண்டும். நான்கு அப்படியே ஏற்பு, ஒன்று பலப்படுத்தல். ஒவ்வொரு தூணுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும்.

திருத்த நடவடிக்கை இனி வரும் லாரிகளைப் பற்றியது. லாரித் தொட்டியின் குழாய் தளத்துக்குள் நுழையும்போதே முத்திரையிடப்படும். ஸ்லம்ப் குறைந்தால் பிளாண்டின் ஆள் மட்டும், பிளாண்ட் தந்த அளவில், ரசாயனம் சேர்ப்பார். அப்போதும் தேறாவிட்டால் தரப் பொறியாளர் லாரியைத் திருப்புவார், அதற்கு மேலதிகாரியைக் கேட்க வேண்டியதில்லை. 7-ஆம் நாள் முடிவு 26-க்குக் கீழே வந்தால் அன்றே மேல்தள வேலை நிற்கும். அடுத்த ஒரு மாத முடிவுகளைப் பார்த்த பிறகே என்.சி.ஆர். மூடப்படும்.

லாரியைத் திருப்புவது நடக்காத காரியம் என்பவர்களுக்கு மாட்டுங்காவைச் சொல்வேன். 2025 மார்ச்சில் சாலை வேலை ஒன்றில் பிளாண்டில் 65 மில்லிமீட்டராக இருந்த ஸ்லம்ப் தளத்தில் 180 காட்டியது. வழியில் குறைய வேண்டியது கூடியிருக்கிறது. மாநகராட்சி அந்த லாரியைத் திருப்பி அனுப்பியது. பிளாண்டுக்கு 20 லட்சம் ரூபாய் அபராதமும் ஆறு மாதத் தடையும் விதித்தது.

தாராவியிலோ செம்பூரிலோ உங்கள் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள் என்றால், சங்கக் கூட்டத்தில் இரண்டு கேளுங்கள்: 7-ஆம் நாள் கியூப் பதிவேடு, இதுவரை எழுதிய என்.சி.ஆர். கோப்பு. முப்பது மாடிக் கட்டடத்துக்கு ஒரு என்.சி.ஆர்.கூட இல்லை என்றால், அந்தப் பதிவேட்டைப் படிக்கத் தெரிந்த ஒரு பொறியாளரை உடனே கூட்டிவாருங்கள்.